அரபு வினைகளின் மஸ்தர்: 2 முதல் 10 வரையான வடிவங்களுக்கு மனப்பாடம் இல்லாமல் கண்டுபிடிப்பது எப்படி

வளைகுடாவில் ஓராண்டு வேலை பார்த்தவருக்குக்கூட அரபு தொழிற்பெயர்கள் ஒரு டஜனாவது தெரிந்திருக்கும். குடியிருப்பு அட்டை 'இகாமா'. அதைப் புதுப்பிப்பது 'தஜ்தீத்'. பணம் போடும் இயந்திரத்தின் திரையில் 'ஈதாஃ'. போக்குவரத்து அபராதச் சீட்டில் 'முகாலஃபா'. பொருளை வாங்கிக்கொள்ளும் கவுண்டரில் 'இஸ்திலாம்'. இவை ஐந்தும் வினையிலிருந்து பிறந்த பெயர்கள்தான். அரபு இலக்கணம் இவற்றை மஸ்தர் என்கிறது. தமிழில் செய்தல், வருகை, கேடு என்று நாம் சொல்லும் தொழிற்பெயரின் வேலையை மஸ்தர் செய்கிறது.

தமிழில் பெரும்பாலும் தல், கை, பு போன்ற விகுதியைக் கடைசியில் ஒட்டுவோம். அரபு அப்படிச் செய்வதில்லை. கெடு என்பது கேடு ஆவதையும் பெறு என்பது பேறு ஆவதையும் முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பள்ளியில் படித்தோமே, அரபின் வழி அதற்கு நெருக்கமானது. உயிரோசை உள்ளேயே மாறும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் விதிகள் அந்நியமாகத் தெரியாது.

மூன்றெழுத்து மட்டுமே கொண்ட அடிப்படை வினைக்கு, அதாவது 1-ஆம் வடிவத்துக்கு, மஸ்தர் என்னவாக இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கதப (எழுதினான்) கிதாபா ஆகும், தகல (நுழைந்தான்) துகூல் ஆகும், ஃபஹிம (புரிந்துகொண்டான்) ஃபஹ்ம் ஆகும். அவற்றைக் கேட்டும் அகராதியைப் பார்த்தும்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் 2 முதல் 10 வரையான விரிவு வடிவங்களில் மஸ்தரை நாமே கட்டிவிடலாம். பாடநூல்கள் இதை ஒன்பது வரி அட்டவணையாகக் கொடுத்து ஒப்பிக்கச் சொல்கின்றன. எனக்கு அந்த முறையில் உடன்பாடில்லை. ஒன்பதில் ஏழு வடிவங்களுக்கு இரண்டே விதிகள் போதும். உண்மையில் நினைவில் வைக்க வேண்டியவை 2-ஆம், 3-ஆம் வடிவங்கள் மட்டுமே.

எழுத்து பற்றி ஒரு குறிப்பு. இங்கே அரபுச் சொற்களைத் தமிழெழுத்தில் தருகிறேன். 'ஃப்' என்பது ஃபா. தனியே நிற்கும் 'ஃ' ஐன் எழுத்தைக் குறிக்கும். ஸீனும் ஸாதும், காஃபும் காவும் தமிழில் ஒன்றுபோலத் தெரியும் என்பதால் அரபு எழுத்தை அகராதியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முதல் படி: வினையின் முகத்தைப் பாருங்கள்

அகராதியில் இருப்பது போல, 'அவன் செய்தான்' என்ற இறந்தகால வடிவை எடுத்துக்கொள்ளுங்கள். அது எந்த ஒலியில் தொடங்குகிறது என்று பாருங்கள். அலிஃபில் தொடங்கினால் ஒரு வழி, கூடுதலாகச் சேர்ந்த 'த'வில் தொடங்கினால் இன்னொரு வழி, வேர் எழுத்திலேயே தொடங்கினால் மூன்றாவது வழி. 'கூடுதலாகச் சேர்ந்த' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தாபஅ (பின்தொடர்ந்தான்) என்பதில் உள்ள தா வேரைச் சேர்ந்தது, அது 3-ஆம் வடிவம். வேர் எழுத்துகள் மூன்றையும் எண்ணிப் பார்த்தால் இந்தக் குழப்பம் வராது.

அலிஃபில் தொடங்குபவை

4, 7, 8, 9, 10 ஆகிய ஐந்து வடிவங்களும் இந்த வகை. இரண்டு காரியங்களைச் செய்ய வேண்டும். கடைசி எழுத்துக்கு முன் நீண்ட 'ஆ' ஒன்றைச் செருக வேண்டும். அதற்கு முன்னால் வரும் அகரத்தை இகரமாக்க வேண்டும்.

4-ஆம் வடிவத்தில் தொடக்க 'அ' இகரமாகிறது. அஸ்லம (ஒப்படைத்துப் பணிந்தான்) இஸ்லாம் ஆகிறது. அக்ரம (கண்ணியப்படுத்தினான்) இக்ராம் ஆகிறது.

மற்ற நான்கிலும் தொடக்கத்தில் ஏற்கெனவே 'இ' இருக்கிறது. அதனால் அலிஃபையும் சேர்த்து எண்ணும்போது வரும் மூன்றாவது எழுத்து இகரம் பெறுகிறது. இன்கஸர (உடைந்தது) என்பதில் மூன்றாவது எழுத்து காஃப், ஆகவே இன்கிஸார். இஜ்தமஅ (ஒன்றுகூடினான்) என்பதில் மூன்றாவது தா, ஆகவே இஜ்திமாஃ. இஸ்தக்ஃபர (மன்னிப்புக் கோரினான்) என்பதிலும் தாதான், ஆகவே இஸ்திக்ஃபார்.

கடைசி எழுத்து இரட்டித்திருந்தால், செருகும் 'ஆ' அந்த இரண்டுக்கும் நடுவில் போய் உட்காரும். 9-ஆம் வடிவமான இஹ்மர்ர (சிவந்தது) இஹ்மிரார் ஆவது இப்படித்தான். இஸ்தமர்ர (தொடர்ந்தது) இஸ்திம்ரார், இஸ்தகல்ல (சுதந்திரமானது) இஸ்திக்லால் ஆவதும் இதே முறையில்தான். ஜகார்த்தாவின் பெரிய பள்ளிவாசலுக்கு இஸ்திக்லால் என்று பெயர். இந்தோனேசிய விடுதலையைக் குறித்து வைத்த பெயர் அது.

8-ஆம் வடிவத்தின் தா சில வேர்களோடு சேரும்போது உருமாறும். நெரிசலானது என்று பொருள்படும் இஸ்தஹமவில் அந்தத் தா தாலாக ஒலிக்கிறது. வாவில் தொடங்கும் வேர்களில் அந்த வாவ் தாவாக மாறி இரட்டிக்கும்: இத்தஹத (ஒன்றுபட்டது), இத்தஸல (தொடர்புகொண்டான்). மஸ்தர் கட்டுகிறவர் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அந்த மாற்றம் வினையிலேயே நடந்து முடிந்துவிட்டது. வினை எப்படி ஒலிக்கிறதோ அதையே வைத்து விதியைப் போட்டால் இஸ்திஹாம், இத்திஹாத், இத்திஸால் என்று சரியாக வரும்.

இங்கே எழுத்துப்பிழை ஒன்று எல்லோருக்கும் வரும். 4-ஆம் வடிவத்தின் மஸ்தரில் மட்டும் அலிஃபுக்குக் கீழே ஹம்ஸா எழுத வேண்டும். 7 முதல் 10 வரை அலிஃப் வெறுமையாக இருக்கும். முன்னால் ஒரு சொல் வந்தால் அந்த அலிஃபின் ஒலி மறைந்துவிடும். 'அல்' சேர்த்து உச்சரித்துப் பாருங்கள்: இஸ்லாம் 'அல்-இஸ்லாம்' என்றே நிற்கும், இஜ்திமாஃ 'அலிஜ்திமாஃ' என்று வழுக்கி ஓடும். காதுக்குத் தெரியும் இந்த வேறுபாடுதான் எழுத்தில் ஹம்ஸாவாக நிற்கிறது.

கூடுதல் 'த'வில் தொடங்குபவை

5-ஆம், 6-ஆம் வடிவங்கள். இங்கே எதையும் செருக வேண்டாம். கடைசி எழுத்துக்கு முந்திய எழுத்தின் அகரத்தை உகரமாக்கினால் வேலை முடிந்தது. தஅல்லம (கற்றுக்கொண்டான்) தஅல்லும் ஆகும். தவக்கல (முழுதாக நம்பி ஒப்படைத்தான்) தவக்குல் ஆகும். தஆவன (ஒத்துழைத்தான்) தஆவுன் ஆகும்.

நினைவில் வைக்க வேண்டிய இரண்டு

வேர் எழுத்திலேயே தொடங்குபவை 2-ஆம், 3-ஆம் வடிவங்கள். நடு எழுத்து இரட்டித்திருந்தால் 2, முதல் எழுத்துக்குப் பின் 'ஆ' இருந்தால் 3.

2-ஆம் வடிவத்தில் இரட்டிப்பு மறைந்து, முன்னால் 'த', கடைசி எழுத்துக்கு முன் 'ஈ' வரும். வாய்பாடு தஃப்ஈல். அல்லம (கற்பித்தான்) தஃலீம், ஜத்தத (புதுப்பித்தான்) தஜ்தீத், ஸல்லம (ஒப்படைத்தான், ஸலாம் சொன்னான்) தஸ்லீம். இந்த அச்சு நம் வருவாய்த்துறைத் தமிழுக்குள் எப்போதோ வந்து தங்கிவிட்டது. தாசில்தாரின் தாசில், வசூலித்தல் என்ற பொருளுள்ள தஹ்ஸீல். தாக்கீது, வலியுறுத்தல் என்ற பொருளுள்ள தஃகீத். இதிலுள்ள 'ஃ' ஐன் அல்ல, ஹம்ஸா. இரண்டிலும் முதலில் 'த', பின்னர் 'ஈ' ஓசை இருந்த இடத்தை இன்றும் காணலாம்.

சில வினைகளுக்கு தஃப்ஈலுக்குப் பதிலாக அல்லது அதோடு கூடவே வேறு அச்சும் உண்டு. ஜர்ரப (சோதித்துப் பார்த்தான்) என்பதற்கு தஜ்ரிபா என்பதே பெருவழக்கு. கர்ரர (திரும்பச் செய்தான்) என்பதற்கு தக்ரீர், தக்ரார் இரண்டும் உண்டு. பின்னது உருது வழியாக வந்து நம்மிடம் தகராறு ஆனது. இன்னொன்றும் அடிக்கடி கண்ணில் படும். ஸல்லமவுக்கு ஸலாம், கல்லமவுக்கு கலாம், ஸல்லாவுக்கு ஸலாத் என்று மஸ்தரின் இடத்தில் ஒரு குறுஞ்சொல் வந்து நிற்கும். இவற்றை இஸ்மு மஸ்தர் என்பார்கள். விதிப்படி வரும் தஸ்லீமையும் தக்லீமையும் இவை தவறாக்குவதில்லை.

3-ஆம் வடிவத்துக்கு முஃபாஅலா என்பது வாய்பாடு. முன்னால் 'மு', கடைசியில் தா மர்பூதா. காலஃப (மீறினான்) முகாலஃபா, காபல (சந்தித்தான்) முகாபலா, ஹாஸப (கணக்குப் பார்த்தான்) முஹாஸபா. இது எப்போதும் கைகொடுக்கும். ஆனால் பல வினைகளுக்கு ஃபிஆல் என்ற இரண்டாவது அச்சும் உண்டு: ஜாஹதவுக்கு முஜாஹதாவோடு ஜிஹாத், தாஃபஅவுக்கு முதாஃபஆவோடு திஃபாஃ, ஹாஸபவுக்கு ஹிஸாப். இந்த இரண்டாவது அச்சு எல்லா வினைக்கும் கிடையாது. ஸாஅத (உதவினான்) முஸாஅதா மட்டுமே. தெரியாத வினையில் முஃபாஅலாவைப் போடுங்கள், ஃபிஆலைக் கண்ணால் கண்ட பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் இருக்கும்போது பொருள் பிரிந்துவிடுவதும் உண்டு. உணவகத்தில் கேட்பது ஹிஸாப், கல்லூரியில் படிக்கும் கணக்கியல் முஹாஸபா.

நம் ஊர் மதரஸாக்களில் இந்த வடிவங்களுக்கு எண் கிடையாது. பாபு தஃப்ஈல், பாபு இஃப்ஆல், பாபு இஸ்திஃப்ஆல் என்று மஸ்தரின் வாய்பாட்டையே வடிவத்தின் பெயராக வைத்திருக்கிறார்கள். எண்கள் ஐரோப்பிய இலக்கணநூல்களின் ஏற்பாடு. அகராதியைப் புரட்ட எண்கள் உதவும். மஸ்தரை மறக்காமலிருக்க பழைய பெயர்களே மேல் என்பது என் எண்ணம்.

ஒரே வேரில் ஓட்டிப் பார்ப்போம்

ஸீன்-லாம்-மீம் என்ற வேரை எடுத்துக்கொள்வோம். ஸல்லம தஸ்லீம். ஸாலம (சமாதானமாக நடந்தான்) முஸாலமா. அஸ்லம இஸ்லாம். தஸல்லம (பெற்றுக்கொண்டான்) தஸல்லும். தஸாலம (தமக்குள் சமாதானமானார்கள் என்ற பொருளில் வரும்) தஸாலும். இஸ்தலம (பெற்றுக்கொண்டான்) இஸ்திலாம். இஸ்தஸ்லம (சரணடைந்தான்) இஸ்திஸ்லாம்.

கடைசி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கவுண்டரில் பொருளை வாங்குவது இஸ்திலாம், எதிரியிடம் சரணடைவது இஸ்திஸ்லாம். ஒரு ஸீன் கூடினால் 8-ஆம் வடிவம் 10-ஆம் வடிவமாகிவிடுகிறது. இது போலவே தஃலீம் கற்பித்தல், தஅல்லும் கற்றல். 2-ஐயும் 5-ஐயும் மாற்றிப் போட்டால் ஆசிரியர் மாணவராகிவிடுவார்.

கடைசி வேர் எழுத்து யாவோ வாவோ ஆனால்

இனி நலிந்த வேர்கள். புதியவர்கள் இங்கேதான் விதி உடைந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். விதி உடைவதில்லை. விதியைப் போட்ட பிறகு வரும் ஒலி வாயில் நிற்க முடியாமல் சற்று நகர்கிறது.

லாம்-காஃப்-யா வேரில் 4-ஆம் வடிவம் அல்கா (எறிந்தான், உரை நிகழ்த்தினான்). விதிப்படி 'இல்காய்' வர வேண்டும். நீண்ட 'ஆ'வுக்குப் பின் சொல்லின் கடைசியில் யாவோ வாவோ நிற்காது. அது ஹம்ஸாவாகும். அதனால் இல்காஉ. கடைசியில் தொண்டையில் நிறுத்தும் ஹம்ஸாவை இங்கே 'உ' என்று எழுதிக் காட்டுகிறேன். 8-ஆம் வடிவம் இல்தகா (சந்தித்தான்) இல்திகாஉ, 10-ஆம் வடிவம் இஸ்தல்கா (மல்லாந்து படுத்தான்) இஸ்தில்காஉ. மூன்றுக்கும் ஒரே காரணம்.

5-ஆம், 6-ஆம் வடிவங்களில் கடைசிக்கு முந்திய எழுத்து உகரம் பெற வேண்டும் அல்லவா? உகரத்துக்குப் பின் யா ஒத்துவராது என்பதால் உகரம் இகரமாகி, யாவோடு சேர்ந்து 'ஈ' ஆகும். தலக்கா (பெற்றான்) தலக்கீ, தலாகா (ஒருவரையொருவர் சந்தித்தனர்) தலாகீ. 'அல்' இல்லாமல் தன்வீனோடு வரும்போது அந்த 'ஈ' எழுத்திலிருந்தே மறைந்து 'தலக்கின்' என்று நிற்கும். அகராதியில் சொல்லின் கடைசி எழுத்தைக் காணோமே என்று தேடுகிறவர்கள் இதைத்தான் தேடிக்கொண்டிருப்பார்கள்.

3-ஆம் வடிவத்தில் முலாகயா என்பது சுருங்கி முலாகாத் ஆகும். 2-ஆம் வடிவம் மட்டும் அச்சையே மாற்றிக்கொள்ளும். தஃப்ஈலுக்குப் பதில் தஃப்இலா. ரப்பா (வளர்த்தான்) தர்பியா, ஸம்மா (பெயரிட்டான்) தஸ்மியா. கடைசி எழுத்து ஹம்ஸாவாக இருந்தாலும் பெரும்பாலும் இப்படித்தான். வாழ்த்துதல் தஹ்னிஆ.

நடு எழுத்து நலிந்தால்

2, 3, 5, 6 ஆகியவற்றில் நடு வாவும் யாவும் நன்றாகவே நிற்கும். தஹ்வீல் (பணமாற்றம்), முஹாவலா (முயற்சி), ததவ்வுர் (வளர்ச்சி), தஆவுன் என்று எந்தச் சிக்கலும் இல்லை. 7, 8-இல் வேரின் வாவ் இகரத்துக்குப் பின் வருவதால் யாவாகும். இஹ்தாஜ (தேவைப்பட்டான்) இஹ்தியாஜ், இன்காத (கட்டுப்பட்டான்) இன்கியாத்.

4-உம் 10-உம்தான் கவனிக்க வேண்டியவை. காஃப்-வாவ்-மீம் வேரில் 4-ஆம் வடிவம் அகாம (தங்கினான், நிலைநிறுத்தினான்). விதிப்படி 'இக்வாம்' வர வேண்டும். வாவ் தன் உயிரோசையை முன்னுள்ள காஃபுக்குக் கொடுத்துவிட்டு அலிஃபாகிறது. பக்கத்தில் நாம் செருகிய அலிஃபும் இருக்கிறது. இரண்டு அலிஃப்கள் சேர்ந்து நிற்க முடியாது, ஒன்று விழுகிறது. விழுந்ததற்கு ஈடாகக் கடைசியில் தா மர்பூதா வருகிறது: இகாமா. ரியாத்தில் சட்டைப்பையில் இருக்கும் இகாமாவும் பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் சொல்லும் இகாமத்தும் ஒரே மஸ்தர்தான். விடுமுறை என்று பொருள்படும் இஜாஸா, நிர்வாகம் என்ற இதாரா, விருப்பம் என்ற இராதா எல்லாம் இதே வார்ப்பு. 10-இல் இஸ்தகாம (நேராக நின்றான்) இஸ்திகாமா, இஸ்தஃபாத (பயனடைந்தான்) இஸ்திஃபாதா.

இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. இறந்தகால வினையில் வாவ் காதில் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்காவிட்டால் மஸ்தரிலும் வாவ் இராது, தா மர்பூதா வரும். கேட்டால் மஸ்தரிலும் அது நிற்கும், தா மர்பூதா வராது. ஜீம்-வாவ்-பா வேரில் 10-ஆம் வடிவம் இரண்டு விதமாக வருகிறது. இஸ்தஜாப (வேண்டுகோளுக்குச் செவிசாய்த்தான்) இஸ்திஜாபா. இஸ்தஜ்வப (விசாரணை செய்தான்) இஸ்திஜ்வாப்.

முதல் எழுத்து வாவானால் 4-இலும் 10-இலும் அது இகரத்தோடு கரைந்து 'ஈ' ஆகும். அவ்தஅ (வைப்பாகப் போட்டான்) ஈதாஃ, இஸ்தவ்ரத (இறக்குமதி செய்தான்) இஸ்தீராத். முதல் எழுத்து ஹம்ஸாவான ஆமன (நம்பினான்) ஈமான் ஆவதும் இதே போக்குதான். ஆனால் ஆகத (தண்டித்தான், குறை பிடித்தான்) என்பதும் ஆமன போலவே ஒலிக்கும், வடிவமோ 3. நிகழ்காலத்தைக் கேட்டுப் பாருங்கள். யுஃமினு என்றால் 4, யுஆகிது என்றால் 3, ஆகவே அதன் மஸ்தர் முஆகதா.

திரும்பி வரும் வழி

மஸ்தரைக் கண்டு வினையைக் கண்டுபிடிக்கவும் இதே விதிகள் உதவும். ஆனால் இரண்டு வேடங்கள் ஏமாற்றும். 'இஸ்தி' என்று தொடங்கினால் 10 என்று முடிவு செய்துவிடாதீர்கள். நலிந்து மறைந்த எழுத்தையும் சேர்த்து எண்ணி, 'இஸ்த்' போக மூன்று வேர் எழுத்துகள் மீந்தால்தான் 10. இஸ்திமாஃ (செவிமடுத்தல்) என்பதில் மீமும் ஐனும் மட்டுமே எஞ்சுகின்றன. ஆகவே ஸீனும் வேரில் சேர்ந்தது, வடிவம் 8. 'இன்தி' என்று தொடங்குவதை 7 என்று எடுக்கவும் கூடாது. அது ஏறத்தாழ எப்போதும் நூனில் தொடங்கும் வேரின் 8-ஆம் வடிவம்: இன்திஸார் (காத்திருத்தல்), இன்திகாப் (தேர்தல்).

பால் பெட்டியிலும் இகாமா அட்டையிலும் தேதிக்குப் பக்கத்தில் அச்சாகியிருக்கும் 'அலின்திஹாஉ' என்ற சொல்லை இப்போது பிரித்துப் பாருங்கள். 'இன்தி' என்று தொடங்குகிறது, ஆகவே முதல் வேர் எழுத்து நூன், வடிவம் 8. செருகிய 'ஆ'வுக்கு முன் ஹா இருக்கிறது. அதன் பின் கடைசியில் ஹம்ஸா நிற்பதால் அந்த இடத்தில் யாவோ வாவோ இருந்திருக்க வேண்டும். நூன்-ஹா-யா என்று அகராதியில் தேடினால் இன்தஹா கிடைக்கும். முடிவடைந்தது என்று பொருள்.